மெஸ் வைத்த மேன்ஷனில் உரிமையாளர் குடும்பத்தை எப்படிக் கணக்கிடுவது?

ஆய்வேட்டுக்காகத் திருவல்லிக்கேணி மேன்ஷன் ஒன்றில் கணக்கெடுக்கிறேன். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் வரையறைதான் அளவுகோல். ஒரு வாரமாக ஒரே இடத்தில் நிற்கிறேன்.

அந்த வரையறையில் உறவை விட அடுப்புதான் பெரிது. சேர்ந்து வாழ்ந்து ஒரே சமையலில் சாப்பிட்டால் ஒரு குடும்பம். மாடியில் ஓர் அறையில் மூன்று நண்பர்கள் சேர்ந்து சமைக்கிறார்கள்: ஒரு குடும்பம். பக்கத்து அறை மூவரும் ஆளுக்கொரு கடையில் சாப்பிடுகிறார்கள்: மூன்று குடும்பங்கள். வாசல் நடைபாதையிலேயே சமைத்துப் படுக்கும் தம்பதி வீடற்ற குடும்பம். 2011இல் இப்படிப்பட்டவர்களைப் பிப்ரவரி 28 இரவில் தனியாக எண்ணினார்கள்.

சிக்கல் கீழ்த்தளத்தில். அங்கே தங்கும் 9 பேருக்கும் வாடகையோடு உரிமையாளரின் மெஸ் சாப்பாடு. உறவில்லாதவர்கள், விடுதி, பொதுச் சமையல் என்பதால் நிறுவனக் குடும்பம் என்று எழுதினேன். ஆனால் உரிமையாளர், மனைவி, மகள் மூவரும் பின்கட்டில் தங்கி அதே மெஸ்ஸில்தான் சாப்பிடுகிறார்கள். அவர்களுக்குத் தனி அடுப்பு கிடையாது. வரையறையைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அடுப்பைப் பார்த்தால் சேர்க்க வேண்டும், உறவைப் பார்த்தால் பிரிக்க வேண்டும். வழிகாட்டியும் உறுதியாகச் சொல்லவில்லை.

2011இல் களத்தில் கணக்கெடுத்த ஆசிரியர்கள் யாராவது சொல்லுங்கள்: இந்த மூவரையும் சேர்த்து 12 பேர் கொண்ட ஒரே நிறுவனக் குடும்பமாக எழுதுவதா, தனியாகச் சாதாரணக் குடும்பமாக எழுதுவதா?