அழையாச் சாளரமா, மேல்விரி சாளரமா?

கயல்விழி:
அனைவருக்கும் வணக்கம். நாம் தமிழாக்கும் உலாவியில் "Pop-up blocked" என்று வரும் இடத்தில் இதுவரை "விளம்பரம் தடுக்கப்பட்டது" என்று எழுதிவந்தோம். அதை மாற்ற வேண்டும். சென்ற வாரம் என் அத்தை அட்டை வழியாக மின்கட்டணம் கட்டினார். பணம் செலுத்தும் பொத்தானைச் சொடுக்கியதும் "வங்கியின் பதிலுக்காகக் காத்திருக்கவும்" என்ற பக்கம் சுழன்றுகொண்டே இருந்தது. முகவரிப் பட்டையின் ஓரத்தில் நம்முடைய வரி தோன்றியது. விளம்பரம்தானே, தொலையட்டும் என்று அதை மூடிவிட்டார். தடுக்கப்பட்டது வங்கியின் சரிபார்ப்புச் சாளரம்!

மாரிமுத்து:
"அழையாச் சாளரம்" என்று வைக்கலாம். அழையா விருந்தாளி என்றால் எல்லோருக்கும் புரியும். உலாவியும் அதைத்தான் பார்க்கிறது: நாம் சொடுக்கித் திறந்தால் விடும், தானாகத் திறந்தால் தடுக்கும்.

செல்வி:
சொல் அழகாக இருக்கிறது ஐயா, ஆனால் இந்த இடத்துக்குப் பொருந்தாது. அத்தை சொடுக்கத்தானே செய்தார்? தளம் உடனே சாளரத்தைத் திறக்கவில்லை. முதலில் தன் வழங்கியைக் கேட்டு, பதில் வந்த பிறகுதான் `window.open` என்று அழைத்திருக்கும். குரோம் ஒரு சொடுக்கை ஏறத்தாழ 5 நொடிதான் கணக்கில் வைத்துக்கொள்ளும். பதில் வர 7 நொடி ஆனால், யாரும் கேட்காமல் திறக்கிறது என்று அது முடிவுகட்டிவிடும். அழைத்து, தாமதமாக வந்த விருந்தாளியை அழையாதவர் என்று நாமும் சொல்லலாமா? சொடுக்கிய கணத்திலேயே வெற்றுச் சாளரத்தைத் திறந்து, வங்கியின் முகவரியைப் பிறகு அதில் இடுவதுதான் தளத்தார் செய்ய வேண்டிய திருத்தம். அல்லது சாளரமே இல்லாமல் முழுப் பக்கத்தையும் வங்கிக்கு அனுப்பிவிடலாம்.

நாகராஜன்:
எனக்கும் இதேதான் நடந்தது. கடவு எண்ணை இட்டேன், 1,840 ரூபாய் போய்விட்டது, டிக்கெட் வரவில்லை. தடுப்பானை நீக்கிவிட்டால் சரியாகுமா?

செல்வி:
உங்களுடையது வேறு சிக்கல். கடவு எண்ணை இட்டீர்கள் என்றால் வங்கிப் பக்கம் திறந்திருக்கிறது. பிழை அதற்குப் பின்னால் நடந்திருக்கிறது. வங்கியிடமும் டிக்கெட் விற்ற தளத்திடமும் முறையிடுங்கள். பெரும்பாலும் வங்கிப் பக்கம் திறந்த பிறகுதான் அந்த எண் குறுஞ்செய்தியில் வரும். கயல், அத்தைக்கு வந்ததா?

கயல்விழி:
வரவே இல்லை. அரை மணி நேரம் கைப்பேசியையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்படியானால் சாளரத்துக்கு "மேல்விரி சாளரம்" என்ற பழகிய சொல்லே இருக்கட்டும். செய்தியை "இந்தத் தளம் திறக்க முயன்ற சாளரம் தடுக்கப்பட்டது" என்று எழுதுகிறேன். அது நல்லதா கெட்டதா என்று நாம் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

மாரிமுத்து:
செய்தி வரிக்கு ஒப்புகிறேன். "மேல்விரி" எனக்கு இன்னும் உறுத்துகிறது. கீழ்விரி பட்டி என்று ஏற்கெனவே ஒன்று இருக்கிறது. பட்டி மேல்பக்கமாக விரிவதாக நினைப்பார்கள். "துள்ளு சாளரம்" எப்படி?

செல்வி:
வங்கிப் பக்கம் துள்ளுவதை அத்தை நம்புவாரா என்று கேட்டுச் சொல்லுங்கள், கயல்.