[கலைச்சொல்] சாய்ந்த கயிறும் கோசைனும்: இந்தப் பெருக்கத்துக்கு என்ன பெயர்?

தெஹிவளை, மொழிபெயர்ப்பாளர்:
எல்லாருக்கும் வணக்கம். உயர்தரப் பௌதிகவியல் பயிற்சித்தாள் ஒன்றைத் தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். கணக்கு இதுதான். பனித்தரையில் சில்லு இல்லாத ஒரு வண்டி, திணிவு 20 கிலோகிராம். கிடையோடு 37 பாகை சாய்ந்த கயிற்றால், 50 நியூற்றன் இழுவையில், 10 மீற்றர் தூரம் இழுக்கிறார்கள். கயிறு செய்த வேலை எவ்வளவு? 37 பாகையின் கோசைன் ஏறக்குறைய 0.8. ஆகவே 50 × 10 × 0.8 = 400 யூல்.

விசை, இடப்பெயர்ச்சி என்ற இரண்டு காவிகளுக்கும் நடுவே போடும் குறியை வைத்துத்தான் மூலத்தில் அந்தப் பெருக்கத்துக்குப் பெயர். 'புள்ளிப் பெருக்கம்' என்று போடலாமா? வண்டிக்கும் ஒரு சொல் சொல்லுங்கள்.

வெள்ளவத்தை, ஆசிரியை:
புள்ளி வேண்டாம் தம்பி. நம் வினாத்தாளில் ஒவ்வொரு கேள்வியும் '5 புள்ளிகள்' என்றுதான் முடிகிறது. பிள்ளைக்குப் புள்ளி என்றால் பரீட்சைப் புள்ளிதான் முதலில் வரும். தமிழ்நாட்டில் அந்தச் சிக்கல் இல்லை, அங்கே மதிப்பெண் என்கிறார்கள். எண்ணிப் பெருக்கம் என்று போடுங்கள். இரண்டு காவிகளைப் பெருக்கியும் விடைக்குத் திசை இல்லை, வெறும் எண்ணி. நாங்கள் வகுப்பில் சொல்வதும் அதுதான்.

பெயரைவிட எனக்குப் பெரிய கவலை கோசைன். கயிற்றுக்கும் நிலைக்குத்துக்கும் இடையே 53 பாகை என்று படத்தில் குறித்துவிட்டால் பாதி வகுப்பு அந்த 53-இன் கோசைனைப் போட்டு 300 யூல் என்று எழுதும். கயிற்றைத் தரையோடு படுக்கவைத்துப் பாருங்கள் என்பேன். அப்போது இழுப்பது முழுவதும் வேலையாகவேண்டும், 500 யூல் வரவேண்டும். உங்கள் சூத்திரம் பூச்சியம் தந்தால் கோணத்தைத் தவறான இடத்திலிருந்து எடுத்திருக்கிறீர்கள்.

கொட்டாஞ்சேனை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
புள்ளியை இவ்வளவு சுலபமாகத் தள்ளலாகாது. மெய்யின் இயற்கை புள்ளியோடு நிற்றல் என்று தொல்காப்பியமே சொல்கிறது. பரீட்சைக்காரர் நேற்று எடுத்துக்கொண்ட பொருளுக்காக அதை விட்டுக்கொடுப்பதா? புள்ளி ஆகாதென்றால் 'குற்று' இருக்கிறது. குற்றிட்ட கோடு என்று உங்கள் கேத்திரகணிதத்தில் எழுதுகிறீர்களே. குறு என்ற அடியிலிருந்து குற்றெழுத்து, குற்றியலுகரம் எல்லாம் வந்தன. இந்தக் குற்றும், குத்து என்று பேச்சில் சொல்வதும் அதன் கிளையே என்பது என் துணிபு.

காவி என்ற சொல்லையும் இங்கே நினைக்கவேண்டும். காவுதல் என்றால் தோளில் சுமந்து செல்லுதல். காவடியும் அங்கிருந்துதான். விசை பொருளைக் காவிச் செல்கிறது. திசையன் என்ற சொல் திசையை மட்டும் சொல்லும், காவி செயலையே சொல்லும்.

பம்பலப்பிட்டி, பொறியியலாளர்:
ஐயா, குறியை வைத்துப் பெயரிட்டது பின்னால் வந்த வழக்கம். அந்தக் குற்றைப் போட்டுப் பரப்பியவர் அமெரிக்கர் கிப்ஸ். 1881-இல் தம் மாணவருக்காக அச்சிட்ட குறிப்பில் அவர் இதை அழைத்த பெயரைத் தமிழில் சொன்னால் 'நேர்ப் பெருக்கம்' என்றாகும். இரண்டு காவிகளைப் பெருக்கி விடையாகவும் ஒரு காவியே வரும் மற்றப் பெருக்கத்துக்கு அவர் வைத்த பெயர் 'சாய்வுப் பெருக்கம்' போல வரும். ஒரு காவி இன்னொன்றின் வழியே எவ்வளவு நேராகப் போகிறது என்பதைத்தான் கோசைன் அளக்கிறது. ஆகவே நேர்ப் பெருக்கம் பொருளையே சொல்கிறது. குற்று வெறும் மை.

வெள்ளவத்தை, ஆசிரியை:
சேர், அதில் ஒரு பள்ளம் இருக்கிறது. நேர் எண், மறை எண் என்று ஆறாம் வகுப்பிலிருந்தே படிப்பிக்கிறோம். இதே கணக்கின் இரண்டாம் பகுதி உராய்வு செய்த வேலையைக் கேட்கிறது. உராய்வு வண்டி போகும் திசைக்கு எதிரே, கோணம் 180 பாகை, கோசைன் −1. வேலை மறை. நேர்ப் பெருக்கத்தின் விடை மறை என்று நான் கரும்பலகையில் எழுதினால் என்ன ஆகும்?

கல்கிசை, மாணவர்:
எனக்கு 'வழிக்கூற்றுப் பெருக்கம்' பிடித்திருக்கிறது. 50 நியூற்றனில் 40 தான் வண்டி போகும் வழியில் இருக்கிறது. மேல்நோக்கிய 30 வீண். வீணானதை வெட்டிவிட்டு மிச்சத்தை மட்டும் பெருக்குகிறோம், அதைப் பெயரே சொல்லட்டும்.

பம்பலப்பிட்டி, பொறியியலாளர்:
தம்பி, 40 சரி. 30 வேலை செய்யவில்லை என்பதும் சரி. வீண் என்பதுதான் இடிக்கிறது. g-ஐ 10 என்று எடுத்தால் வண்டியின் நிறை 200 நியூற்றன். கயிறு 30-ஐ மேலே தூக்குவதால் தரை தாங்கவேண்டியது 170 தான். உராய்வுக் குணகம் 0.1 என்றால் உராய்வு 17 நியூற்றன், அது செய்யும் வேலை −170 யூல். அந்தத் தூக்கல் இல்லாவிட்டால் −200. தான் ஒரு யூல் வேலையும் செய்யாமல் 30 யூல் இழப்பைத் தடுத்திருக்கிறது. மாணவர் அடிக்கடி விழும் இடமும் இதுதான்: உராய்வுக்கு 20 நியூற்றன் என்று நிறையிலிருந்தே எழுதிவிடுவார்கள். செவ்வன் மறுதாக்கம் நிறைக்குச் சமமா என்று கயிறு சாயும்போதெல்லாம் கேட்கவேண்டும்.

புறக்கோட்டை, வியாபாரி:
நான் மொழி ஆள் இல்லை, பட்டியலில் வாசிக்க மட்டும் இருக்கிறேன். ஆனால் எங்கட கடையில் சீனி மூட்டையைச் சாக்கில் வைத்துச் சீமெந்துத் தரையில் இழுப்பார்கள். கயிறு குட்டையாக இருந்தால் லேசு என்பான் நாட்டாமை. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் கோணம் கூடினால் வேலை குறைகிறது. அப்ப கயிற்றைக் குட்டையாக்கினால் கோணம் கூடி எங்களுக்கு லாபம் என்றுதானே இந்தக் கணக்கு சொல்கிறது?

பம்பலப்பிட்டி, பொறியியலாளர்:
அண்ணை, இந்தக் கணக்கில் 50 நியூற்றன் முதலே தரப்பட்டிருக்கிறது. அதே விசையைச் சாய்த்தால் அது செய்யும் வேலை குறைவதை மட்டுமே இது சொல்கிறது, எப்படி இழுப்பது நல்லது என்று அல்ல. உங்கள் கேள்வி, ஒரே வேகத்தில் இழுக்க எந்தக் கோணத்தில் மிகக் குறைந்த விசை போதும் என்பது. கோணத்தின் தான்சன் உராய்வுக் குணகத்துக்குச் சமமாகும்போதுதான் அது. சீமெந்தில் குணகம் 0.5 என்று வைத்தால் ஏறக்குறைய 27 பாகை. அதுவரை கயிற்றைக் குட்டையாக்க ஆக்க லேசாகும், அதைத் தாண்டினால் இழுப்பதைவிடத் தூக்குவதற்கே பலம் போகும். நாட்டாமை சொல்வது சரி, ஓரளவுக்கு. பனியில் 0.1 என்றால் 6 பாகை போதும்.

கொட்டாஞ்சேனை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
பனி என்றால் நமக்கு மார்கழிக் காலைப் பனி. உறைபனித்தரை என்று எழுதுங்கள். வண்டிக்குச் சறுக்குவண்டி போதும். வழிக்கூற்றுப் பெருக்கம் இலக்கணப்படி நன்றாகவே இருக்கிறது, ஆனால் அச்சில் நீளும்.

தெஹிவளை, மொழிபெயர்ப்பாளர்:
சறுக்குவண்டி, உறைபனித்தரை இரண்டையும் எடுத்துக்கொண்டேன். படத்தில் கோணத்தைக் கயிற்றுக்கும் தரைக்கும் இடையே குறிக்கச் சொல்லிவிட்டேன். பெயருக்கு எண்ணிப் பெருக்கம் என்றே அனுப்புகிறேன். பரீட்சை மண்டபத்தில் பிள்ளை காணப்போவது அந்தச் சொல்லைத்தான். F·s என்பதை வாய்விட்டு வாசிக்கும்போது 'எஃப் குற்று எஸ்' என்று அடிக்குறிப்பில் சேர்த்திருக்கிறேன்.

பம்பலப்பிட்டி, பொறியியலாளர்:
அனுப்புங்கள். ஆனால் என் எதிர்ப்பு நிற்கிறது. எண்ணி என்பது விடை எப்படிப்பட்டது என்று சொல்கிறதே தவிர, 50-இலிருந்து 40 எப்படி வந்தது என்று சொல்லவில்லை. அடுத்த பதிப்புக்கு முன் வழிக்கூற்றை மறுபடி எடுப்போம்.

வெள்ளவத்தை, ஆசிரியை:
எடுங்கள் சேர். அதுவரைக்கும் இரண்டாம் பகுதியின் விடையில் மறைக்குறி விடுபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள் தம்பி, −170.