விநாடிக்கா, ஒரு நாளைக்கா? கன அடிக் கணக்கில் உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

மருதாணி:
மேட்டூர் திறந்த ஜூன் மாதத்தில் நடந்தது. பேப்பரில் கொட்டை எழுத்தில் ‘மேட்டூரில் இருந்து 12,000 கன அடி தண்ணீர் திறப்பு’ என்று போட்டிருந்தார்கள். அப்பா படித்துவிட்டு, “ஏம்மா, இது ஒரு நாளைக்கா?” என்று கேட்டார். அடுப்படியில் இருந்தபடியே “ஆமாப்பா” என்று சொல்லிவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் ஆளைக் காணோம். பார்த்தால் கொல்லைப்புறக் குட்டையைக் கயிறு பிடித்து அளந்துகொண்டிருக்கிறார். நீளம் 50 அடி, அகலம் 40 அடி, நிரம்பினால் ஆழம் 6 அடி. காலண்டர் தாளின் பின்பக்கம் பெருக்கிப் பார்த்தார். சரியாக 12,000. “நம்ம குட்டைத் தண்ணியைத்தான் மேட்டூர்ல ஒரு நாள் பூரா திறந்து விடறாங்களா? இதை நம்பியா நாத்து விடறது?” என்றார். அவர் முகம் விழுந்துபோனது.

ஓடிப்போய் பேப்பரை எடுத்துப் பார்த்தேன். தலைப்பில் இல்லை. உள்ளே மூன்றாவது வரியில் ‘விநாடிக்கு’ என்று இருந்தது. அதைச் சொன்னதும் அப்பா குட்டைக் கரையிலேயே நின்று “ஒண்ணு… ரெண்டு… மூணு…” என்று எண்ணினார். ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு குட்டை. அவர் அப்படி நின்றது இன்னும் கண்ணிலேயே இருக்கிறது. யோசிக்காமல் “ஆமாப்பா” சொன்னதும் உறுத்திக்கொண்டே இருக்கிறது.

பிறகு நானே போட்ட கணக்கு: ஒரு கன அடிக்கு 28.317 லிட்டர். ஆக விநாடிக்கு சுமார் 3,39,800 லிட்டர். அதை 86,400 விநாடியால் பெருக்கி, 1,000 லிட்டருக்கு ஒரு கனமீட்டர் என்று வகுத்தால் ஒரு நாளைக்கு சுமார் 2.94 கோடி கனமீட்டர். இது சரிதானா? அப்பாவுக்கு லிட்டரும் கனமீட்டரும் மனசில் நிற்கவில்லை. வேறு எப்படிச் சொல்வது?

அடையாற்றங்கரை:
2015 டிசம்பர் 1 ராத்திரி. நாங்கள் கோட்டூர்புரம் பக்கம், முதல் மாடி. செம்பரம்பாக்கத்தில் 29,000 கன அடி திறந்திருக்கிறார்கள் என்று போனில் ஒருவர் சொன்னார். கரண்ட் இல்லை. எங்களுக்குத் தெரிந்த ஒரே அளவு தண்ணீர் லாரி. வருகிற லாரி 12,000 லிட்டர். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் என் மகள்தான் போட்டாள்: 29,000 பெருக்கல் 28.3, எட்டு லட்சத்து இருபதாயிரம் லிட்டர். லாரிக் கணக்கில் 68. “மொத்தமா 68 லாரிதானேப்பா, அவ்வளவு பெரிய ஆத்துக்கு இது ஒண்ணுமில்லையே” என்றாள். எனக்கும் மனசு லேசானது. காரைக்கூட மேட்டுக்கு எடுத்துப் போகவில்லை. அது விநாடிக்கு 68 லாரி என்று புரிந்தபோது மாடிப்படியில் நான்காவது படி மறைந்திருந்தது.

கனமீட்டரெல்லாம் எங்களுக்கு எதற்கு? லாரி கணக்கில் சொல்லுங்கள், ஆனால் விநாடிக்கு என்று சேர்த்துச் சொல்லுங்கள்.

லஸ்கர் மகன்:
மருதாணி, உங்கள் கணக்கு சரி. அப்பாவுக்குச் சொல்ல ஒரு வழி இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன் 12,000-ஐ அப்படியே 86,400-ஆல் பெருக்கியதைப் பற்றி. அன்று முழுக்க மதகு அசையாமல் 12,000 போயிருந்தால்தான் அந்த 2.94 கோடி.

என் அப்பா வாய்க்காலில் மதகு திறந்து மூடும் லஸ்கர். நான் ஓர் அணையில் அளவு எழுதும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றேன். எங்களுக்கு நாள் என்பது காலை 8 மணியில் இருந்து மறுநாள் காலை 8 வரை. ஒருநாள் காலையில் 5,000 கன அடி போய்க்கொண்டிருந்தது. சாயங்காலம் 6 மணிக்கு 15,000 ஆக்கச் சொல்லி உத்தரவு வந்தது. ஆக்கினோம். மறுநாள் காலை அறிக்கையில் புதிதாக வந்த பையன் 15,000 என்று எழுதி, அதையே நாள் முழுவதற்கும் பெருக்கி 3.67 கோடி கனமீட்டர் என்று போட்டுவிட்டான். அவன் கணக்குப்படி அணையில் நீர்மட்டம் இன்னும் கீழே போயிருக்க வேண்டும். அளவுகோலோ மேலே நின்றது. நானும் அவனும் டார்ச் அடித்து அந்தக் கோலை மூன்று தடவை படித்தோம். கோலில் தப்பில்லை.

தப்பு நேரத்தில். காலை 8 முதல் மாலை 6 வரை 10 மணி நேரம் 5,000. அதற்குமேல் 14 மணி நேரம் 15,000. முதலாவது 50,000, இரண்டாவது 2,10,000. கூட்டி 24-ஆல் வகுத்தால் 10,833. அந்த நாளின் சராசரி இதுதான். விநாடிக்கு ஒரு கன அடி நாள் முழுக்க ஓடினால் 2,446.6 கனமீட்டர், அதனால் சராசரியை 2,446.6-ஆல் பெருக்கினால் 2.65 கோடி கனமீட்டர். ஒரு கோடி கனமீட்டர் தாளில் மட்டும் ஓடியிருக்கிறது. பேப்பரில் வருவது அந்த நேரத்து அளவு. விநாடிக்கு எத்தனை லிட்டர் என்று பார்க்க அது போதும். நாள் கணக்குக்கு மதகை எப்போது ஏற்றினார்கள், இறக்கினார்கள் என்பதும் வேண்டும்.

இப்போது அப்பாவுக்கு. தஞ்சாவூர்ப் பக்கம் குழிக்கு 144 சதுர அடி, 100 குழி ஒரு மா. ஒரு மா நிலத்தில் ஓர் அடி தண்ணீர் நின்றால் 14,400 கன அடி. விநாடிக்கு ஒரு கன அடி என்றால் ஒரு நாளைக்கு 86,400 கன அடி. வகுத்துப் பாருங்கள், சரியாக ஆறு மா. ஒரு கன அடித் தண்ணீர் ஒரு நாள் முழுக்க வந்தால் ஆறு மாவில் ஓர் அடி நிற்கும். இரண்டு அங்குலம் போதும் என்றால் 36 மா. என் அப்பா பென்சில் எடுக்காமலே சொல்லுவார்.

கரூர் குமரன்:
இவ்வளவு தசமம் எதற்கு? நான் ஆற்றில் இருந்து குழாய் போட்டு நீரேற்றும் வேலையில் இருபது வருடம் இருக்கிறேன். கன அடிக்கு 28 லிட்டர், அவ்வளவுதான். அடியை 0.3 மீட்டர் என்று எடுத்து 27 லிட்டர் என்று போடுகிறவர்களும் உண்டு, அவர்களுக்கும் குழாயில் தண்ணீர் வரத்தான் செய்கிறது. ஆற்றில் ஓடுவதை அளப்பதிலேயே நூற்றுக்கு ஐந்து முன்னே பின்னே இருக்கும். மணல் அள்ளிய இடத்தில் ஆற்றின் அடி மாறிப்போயிருக்கும், கோல் காட்டுவது ஒன்று, ஓடுவது ஒன்று. அதற்குமேல் 28.317 என்று நுணுக்கம் பார்ப்பதில் அர்த்தமில்லை.

ஒரு கிராமத்துக் கூட்டத்தில் நான் ‘விநாடிக்கு 28 லிட்டர்’ என்று சொல்ல, ஒரு பெரியவர் “28.3 தம்பி” என்று எல்லார் முன்னாலும் திருத்தினார். இன்னும் மறக்கவில்லை. அவர் திருத்தியதால் யாருக்கும் ஒரு குடம்கூடக் கூடவில்லை.

லஸ்கர் மகன்:
குமரன் தம்பி, ஆற்றை அளப்பதில் பிசகு உண்டு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பிசகு ஒருநாள் கூட இருக்கும், ஒருநாள் குறைய இருக்கும். 28 என்று வெட்டுவது ஒவ்வொரு நாளும் குறைக்க மட்டுமே செய்யும். 2018-இல் உச்ச நீதிமன்றம், மாநில எல்லையில் இருக்கும் பிலிகுண்டுலுவில் தமிழ்நாட்டுக்கு வருடத்துக்கு 177.25 டி.எம்.சி. காவிரித் தண்ணீர் என்று சொன்னது. ஒரு டி.எம்.சி. என்றால் 100 கோடி கன அடி. அதை 28.317 வைத்துக் கனமீட்டராக்கினால் சுமார் 501.9 கோடி. உங்கள் 28-ஐ வைத்தால் 496.3 கோடி. போன தண்ணீர் கிட்டத்தட்ட 2 டி.எம்.சி. 27 என்று போட்டால் 8 டி.எம்.சி.க்கு மேல் காணாமல் போகும். குழாய்க்கு 28 போதும். வருடக் கணக்குக்குப் போதாது.

கரூர் குமரன்:
அடி மாறிய ஆற்றில் பிசகு ஒருநாள் கூட, ஒருநாள் குறைய என்று வராது. அதுவும் ஒரே பக்கமாகத்தான் இழுக்கும், மறுபடி அளந்து, கோலில் இன்ன உயரத்துக்கு இத்தனை கன அடி என்ற பட்டியலை மாற்றும் வரைக்கும். அதை யார் திருத்துகிறார்கள்? அதைவிட்டுவிட்டு 0.317-க்குச் சண்டை போடுகிறோம்.

நெடுவரிசை:
என் கதை சின்னது. வெள்ள நேரத்தில் ஒரு தன்னார்வக் குழுவுக்காகப் பல அணைகளின் அளவை ஒரே தாளில் ஏற்றிக்கொண்டிருந்தேன். மத்திய நீர் ஆணையத்தின் அறிக்கையில் ஓர் இடத்துக்கு 3,000 என்று இருந்தது. அது விநாடிக்குக் கனமீட்டர், அதாவது கியூமெக். நான் அதை விநாடிக்குக் கன அடி, அதாவது கியூசெக் நெடுவரிசையில் போட்டுவிட்டேன். ஒரு கியூமெக் 35.31 கியூசெக், ஆக உண்மையில் 1,05,900 கன அடி. ஒருவர் போனில், “மேல ஒரு லட்சம் ஓடுது, கீழ மூவாயிரம்னு போட்டிருக்கீங்க, மிச்சம் எங்க போச்சு?” என்று கேட்டார். அந்தக் குரலை மறக்கமுடியவில்லை.

அதனால் எல்லாருக்கும் சொல்கிறேன். ஒரே நெடுவரிசையில் இரண்டு அலகைக் கலக்காதீர்கள். தலைப்பில் ‘விநாடிக்குக் கன அடி’ என்று முழுசாக எழுதுங்கள், வெறும் ‘கன அடி’ என்று விடாதீர்கள். மூல எண்ணைத் தொடாமல் வைத்து, மாற்றிய எண்ணைப் பக்கத்தில் வரவழையுங்கள். இடையில் எங்கேயும் முழு எண்ணாக்காதீர்கள், கடைசியில் ஒரு தடவை மட்டும் செய்யுங்கள். லஸ்கர் மகன் ஐயா சொன்ன மணிக் கணக்குக்கு, B-யில் கன அடியும் C-யில் அது ஓடிய மணி நேரமும் போட்டால் இது அன்றைய கனமீட்டரைத் தரும்:

```
=SUMPRODUCT(B2:B3,C2:C3)*3600*0.0283168466
```

C-யில் உள்ள மணிகளைக் கூட்டினால் 24 வருகிறதா என்றும் பாருங்கள். வராவிட்டால் ஏதோ ஒரு மாற்றம் விட்டுப்போயிருக்கிறது. பக்கத்து இரண்டு இடங்களின் எண்கள் 35 மடங்கு வித்தியாசப்பட்டால் ஆற்றைச் சந்தேகப்படுவதற்கு முன் அலகைச் சந்தேகப்படுங்கள். கோப்பின் பெயரில் தேதியும் போட்டு வையுங்கள்.

அடையாற்றங்கரை:
இதில் லாரி எங்கே வருகிறது? 12,000 லிட்டர் லாரிக்கு ஒரு கன அடி ஒரு நாள் ஓடினால் எத்தனை?

நெடுவரிசை:
24.47 லட்சம் லிட்டர். சுமார் 204 லாரி.

மருதாணி:
எல்லாருக்கும் நன்றி. ஆறு மா கணக்கை அப்பாவிடம் சொன்னேன். பேப்பரும் பென்சிலும் கேட்டு வாங்கி, 144-ஐயும் 100-ஐயும் பெருக்கி, தானே ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டுத்தான் தலையாட்டினார்.

பிறகு அவர் கேட்டது இது: “மேட்டூர்ல விடறது கல்லணைக்கு வரவே மூணு நாள் ஆகுது. வர்ற வழியில மணல் குடிக்கும், அங்கங்க மோட்டார் இழுக்கும். அங்க வந்த பிறகு காவிரி, வெண்ணாறு, புது ஆறுன்னு பிரியுது. நம்ம வாய்க்கால் தலைப்புல எத்தனை கன அடி வருதுன்னு சொல்லு, மாவால நான் வகுத்துக்கறேன்.”

அந்தத் தலைப்பு மதகில் ஒரு கோல் நட்டிருக்கிறது. நேற்று போய்ப் பார்த்தேன். எண்கள் பாதி அழிந்துவிட்டன. அடி குறித்த கோடுகள் மட்டும் தெரிகின்றன. இன்ன உயரத்துக்கு இத்தனை கன அடி என்று ஒரு பட்டியல் இருக்குமாமே, லஸ்கர் மகன் ஐயா, அது யாரிடம் கேட்டால் கிடைக்கும்?