பரமான வளையியின் பரப்பு மறையாக வருகிறது, குறியை எங்கே மாற்றுவது?

கிளிநொச்சி மாணவி
உயர்தரத்தில் இணைந்த கணிதம் படிக்கிறேன். x = 3cos t, y = 2sin t, t 0 இலிருந்து π வரை. நீள்வளையத்தின் மேல் பாதிதான், முழுக்க x அச்சுக்கு மேலே நிற்கிறது. ஆனால் y dx ஐத் தொகையிட்டால் −3π வருகிறது. மறைக் குறியை அழித்துவிட்டு 3π என்று எழுதினேன், விடை சரி.

அடுத்த கணக்கில் அது கைவிட்டது. x = (t−1)², y = t+1, t 0 இலிருந்து 2 வரை. இந்த வளையிக்கும் x = 1 என்ற கோட்டுக்கும் இடையே உள்ள பரப்பு வேண்டும். t = 1 இல் பிரித்தேன். முதல் துண்டு −4/3, இரண்டாவது 8/3. மட்டு எடுத்துக் கூட்டினால் 4. விடையில் 4/3 என்று இருக்கிறது. எங்கே பிழை விட்டேன்?

புதுக்குடியிருப்பு
தங்கச்சி, துண்டு துண்டாக மட்டு எடுக்க வேண்டாம். முழுவதையும் தொகையிட்டுக் கடைசியில் ஒருதரம் மட்டு எடுங்கள். நான் எப்போதும் அப்படித்தான் செய்வேன்.

மாங்குளம் அண்ணா
இந்தக் கணக்குக்கு அது சரிவரும். ஆனால் x = t, y = sin t என்பதை 0 இலிருந்து 2π வரை அப்படிச் செய்து பாருங்கள். 0 வரும், அதற்கு மட்டு எடுத்தாலும் 0 தான். அச்சுக்கும் வளையிக்கும் இடையே உள்ள பரப்போ 4.

தங்கச்சி, முதலில் நீள்வளையத்தைப் பாருங்கள். t = 0 இல் புள்ளி (3, 0), அதாவது வலது அந்தம். t கூடக்கூட அது இடப்பக்கம் நகர்ந்து (−3, 0) இல் போய் நிற்கிறது. ஒரு மெல்லிய கீலத்தை எடுத்தால் உயரம் 2sin t, அது நேர். அகலம் −3sin t dt, அது மறை. குறி அங்கேதான் வருகிறது. இடமிருந்து வலமாகப் போக வேண்டுமென்றால் எல்லையை π இலிருந்து 0 என்று போடுங்கள், 3π தானாக வரும். எல்லையையும் மாற்றி, மறைக் குறியையும் அழிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்குத் திரும்பவும் −3π தான்.

இரண்டாவது கணக்கில் மூன்று புள்ளிகளைக் குறியுங்கள்: t = 0 இல் (1, 1), t = 1 இல் (0, 2), t = 2 இல் (1, 3). கீழ்க்கிளையில் இடப்பக்கம் போய், மேல்கிளையில் வலப்பக்கம் திரும்புகிறோம். 8/3 என்பது அச்சிலிருந்து மேல்கிளை வரை உள்ள பரப்பு. 4/3 என்பது அச்சிலிருந்து கீழ்க்கிளை வரை. உங்களுக்கு வேண்டியது இரண்டுக்கும் நடுவே உள்ளது, ஆகவே கழிக்க வேண்டும். அந்த மறைக் குறி கழித்தலைத்தான் செய்துகொண்டிருந்தது, மட்டு போட்டு அதை நிறுத்திவிட்டீர்கள்.

இன்னொன்று, அந்த உருவம் 1 அகலமும் 2 உயரமும் உள்ள பெட்டிக்குள் அடங்குகிறது. 4 என்று வந்த உடனேயே சந்தேகப்பட்டிருக்கலாம்.

இரணைமடு வயல்காரர்
எனக்குக் கணிதம் பெரிதாகத் தெரியாது, ஆனால் என் பிரச்சினையும் இதுவோ என்று நினைக்கிறேன். வரம்பு வழியே நடந்து மூலைகளை மீற்றரில் குறித்து, கணினித் தாளில் சூத்திரம் போட்டுப் பரப்பு எடுப்பேன். 40க்கு 30 துண்டு ஒன்றுக்கு ஒருநாள் 1200, இன்னொருநாள் −1200. ஒருதரம் 0 என்றே வந்தது. போன் பழுதா?

மாங்குளம் அண்ணா
போனில் பிழை இல்லை, ஐயா. இடஞ்சுழியாக நடந்தால் உங்கள் சூத்திரம் நேராகத் தரும், வலஞ்சுழியாக நடந்தால் மறையாகத் தரும். 0 வந்த நாளில் மூலைகளை வரிசை மாற்றி எழுதியிருப்பீர்கள்: (0,0), (40,0), (0,30), (40,30). அந்த வரிசையில் கோடு தன்னையே குறுக்கே வெட்டுகிறது. ஒரு முக்கோணம் நேராகவும் மற்றது மறையாகவும் எண்ணப்பட்டு இரண்டும் அடிபட்டுப் போகும். அதை மட்டு போட்டுத் திருத்த ஏலாது, வரிசையைத்தான் திருத்த வேண்டும்.

புதுக்குடியிருப்பு
ஆனால் தங்கச்சியின் கணக்கில் வலஞ்சுழிக்குத்தானே நேர் வந்தது?

மாங்குளம் அண்ணா
ஓம், நல்ல கேள்வி. அவர் தொகையிட்டது y dx, அது வலஞ்சுழிக்கு நேர். வயல் சூத்திரம் x dy இலிருந்து y dx ஐக் கழித்துப் பாதியாக்குகிறது, ஆகவே அங்கே குறி எதிராக இருக்கும்.

கிளிநொச்சி மாணவி
அம்புக்குறி போட்டு வரைந்து பார்த்தேன், விளங்கிவிட்டது. x dy யாலும் செய்தேன். y எப்போதும் கூடிக்கொண்டே போவதால் குறித் தொல்லையே இல்லை. y அச்சுக்கும் வளையிக்கும் நடுவே 2/3, பெட்டியின் 2 இலிருந்து கழித்தால் 4/3.

ஒன்று மட்டும் கேட்கிறேன். பரீட்சையில் எல்லையை நேரே π இலிருந்து 0 என்று எழுதினால் போதுமா, ஏன் என்று ஒரு வரி எழுத வேண்டுமா? எங்கள் வகுப்பில் ஒருவருக்கு அந்த வரி இல்லையென்று புள்ளி குறைத்தார்கள், இன்னொருவருக்குக் குறைக்கவில்லை.