420 நோயாளிகள், 6 மாறிகள்: மாதிரி போதாது என்கிறார் மதிப்பாய்வாளர்

மாலதி_ஆய்வு: வணக்கம். அறுவைக்குப் பிந்தைய தொற்று பற்றிய என் ஆய்வுக்கு லாஜிஸ்டிக் ரெக்ரஷன் செய்தேன். 420 பேரை 6 மாறிகளால் வகுத்தால் 70 வருகிறது. ஒரு மாறிக்குப் பத்து போதும் என்பதுதானே விதி? நாளைக்குள் பதில் அனுப்ப வேண்டும்.

கணக்கன்: 420 பேரில் எத்தனை பேருக்குத் தொற்று வந்தது? விதி அதைத்தான் எண்ணுகிறது.

பழையவர்: அடிப்படைப் பாடத்தையே படிக்காமல் கட்டுரை அனுப்பினால் இப்படித்தான் ஆகும். இரு விளைவுகளில் எது குறைவோ அதைத்தான் வகுக்க வேண்டும்.

செல்வி_பி.எச்.டி: எனக்கு 90 பேரில் சர்க்கரை அளவை லீனியர் ரெக்ரஷனில் கணித்தபோது யாரும் இதைக் கேட்கவில்லை.

கணக்கன்: உங்கள் விளைவு தொடர் அளவு என்பதால் இந்த விதி அங்கே பொருந்தாது, செல்வி. மாலதி, மாறிகளில் வகைகள் உள்ளவை எவை? நோக்கம் காரணத்தை அறிவதா, முன்கணிப்பா?

மாலதி_ஆய்வு: தொற்று 36 பேருக்கு. அறுவை வகை மட்டும் நான்கு. மற்றவை ஆம்/இல்லை அல்லது எண். நோக்கம் முன்கணிப்பு. ஒரு வகையின் கெழு −17, திட்டப்பிழை 1,400 என்று வந்திருக்கிறது.

ராஜா77: பத்துக்கு ஒன்று என்றால் மூன்று மாறிகளே இடம்பெறலாம். தனித்தனியாகச் சோதித்து, பி மதிப்பு குறைந்த மூன்றை மட்டும் வையுங்கள்.

கணக்கன்: பத்தைவிடக் குறைவு என்ற வரை ராஜா சொல்வது சரி, வடிகட்டுவது சரியல்ல. தேர்வுக்கு முன் பரிசீலித்த அனைத்தும் கணக்கில் வரும். நான்கு வகைக்கு மூன்று கெழுக்கள் தேவை என்பதால் மொத்தம் 8. 36ஐ 8ஆல் வகுத்தால் 4.5. அந்த −17 வேறொன்றையும் சொல்கிறது: அந்த வகையில் ஒருவருக்கும் தொற்று வந்திருக்காது, அதனால் கெழு முடிவிலியை நோக்கி ஓடுகிறது. ஃபர்த் முறை அதைக் கட்டுப்படுத்தும். ஆனால் நிகழ்வு அரிதாக இருக்கும்போது அது சராசரி அபாயத்தை உயர்த்திக் காட்டுவதால் `flic` திருத்தமும் தேவை.

```r
library(logistf)
m <- logistf(infection ~ age + dm + type, data = d)
flic(m)
```

மூன்று மாறிகள் எடுத்துக்காட்டுக்காக மட்டுமே. உங்களுடைய ஆறையும் எழுதுங்கள்.

பழையவர்: 1996இல் பெடுஸ்ஸி குழு சிமுலேஷனால் நிறுவிய விதி அது. பத்துக்குக் கீழே போனால் கெழுக்கள் பிறழும். அதில் விவாதமே இல்லை.

கணக்கன்: விவாதம் இருக்கிறது, ஐயா. அது 673 நோயாளிகளும் 252 இறப்புகளும் 7 மாறிகளும் கொண்ட ஒரே இதயநோய்ப் பரிசோதனையிலிருந்து எழுந்தது. 2007இல் விட்டிங்ஹாஃப், மெக்கல்லோக் இருவரும் பல சூழல்களில் 5 முதல் 9 வரையிலும் பெரிய கேடு இல்லை என்று கண்டார்கள். கெழு முடிவிலிக்கு ஓடும் தரவுகளை எப்படிக் கையாண்டார்கள் என்பதைப் பொறுத்தே இத்தகைய ஆய்வுகளின் முடிவுகள் வேறுபட்டன என்று 2016இல் வான் ஸ்மெடன் குழு காட்டியது.

பழையவர்: அப்படியென்றால் எந்த எண்ணும் வேண்டாம் என்கிறீர்களா?

கணக்கன்: இல்லை. ரைலி குழுவின் முறையில் தேவையான ஆட்களின் எண்ணிக்கை, ரெக்ரஷன் மாடலின் விளக்கத்திறனைப் பொறுத்து மாறுகிறது. கெழுக்கள் பத்து சதவீதத்துக்கு மேல் சுருங்கக் கூடாது என்று வைத்துக்கொண்டால், அந்தத் திறனை அளக்கும் நாகெல்கெர்க்கே ஆர்-வர்க்கம் 0.15 எனில் இவருக்குச் சுமார் 1,040 பேரும், 0.30 எனில் சுமார் 500 பேரும் வேண்டும். முதலாவதில் கெழுவுக்கு 11 நிகழ்வுகள், இரண்டாவதில் 5. எது பொருந்தும் என்பதை முந்தைய ஆய்வுகளிலிருந்துதான் எடுக்க வேண்டும். தன் தரவில் கிடைத்த ஆர்-வர்க்கம் மிகையாகவே இருக்கும்.

ராஜா77: முந்தைய ஆய்வே இல்லாத இடத்தில் 0.15 என்பதும் ஒரு கட்டைவிரல் விதிதானே?

மாலதி_ஆய்வு: அந்த வகையில் 22 பேர், தொற்று பூஜ்ஜியம். ஃபர்த் முறையில் கெழு −1.6 ஆகிவிட்டது. மதிப்பாய்வாளருக்கு எழுதிவிட்டேன். நன்றி.