நோட்டீஸுக்கு வந்த கூட்டம் எங்க போச்சு? (பலகாரக் கடை, காரைக்குடி)

பலகாரக்கடை: செக்காலை ரோட்டுப் பக்கம் ஒரு சந்துல தேன்குழல், சீப்புச்சீடை, மணகோலம் போட்டு விக்கிறோம். தீபாவளிக்கு முன்னாடி பேப்பர்ல வச்சு 2,000 நோட்டீஸ் விட்டோம். நல்ல கூட்டம். பொங்கலுக்குள்ள கல்லா பழையபடி ஆயிருச்சு. மறுபடி அடிக்கலாமா? மருமகன் மார்க்கெட்டிங் ஃபனலைப் பாருங்கங்கிறான். அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

புதுவயல்காரன்: ஒரு ஆள் நம்மகிட்ட வாங்குற வரைக்கும் நாலு படி: கவனம், ஆர்வம், ஆசை, வாங்குறது. அம்புட்டுதான் ஃபனல். மேல நிறைய ஊத்துனா கீழ நிறைய விழும். என் அரிசிக் கடைக்கு ரீல்ஸ் போட்டேன், ஆள் வந்துச்சு. நீங்களும் போடுங்கண்ணே.

ஏஜென்சிக்காரர்: தம்பி சொன்ன நாலு படி, 1898-ல எல்மோ லூயிஸ்ங்கிற அமெரிக்க விளம்பரக்காரர் சொன்னதா சொல்வாங்க. அது வாங்குறதோட நின்னுரும். தெருக்கடைக்குச் சோறு போடுறது அதுக்கு அடுத்த படி, வாங்கினவங்க திரும்ப வர்றது. நான் சப்ளை பண்ற ஒரு கடையில இதே கதைதான். நோட்டீஸைக் கொண்டாந்தா 10 ரூபா குறைப்புன்னு போட்டோம், யாரு எதனால வந்தாங்கன்னு தெரியணுமே. பில் போடுறப்ப போன் நம்பரும் எழுதிக்கிட்டோம். 2,000 நோட்டீஸுக்கு 80 பேர் வந்தாங்க, 60 பேர் வாங்கினாங்க, திரும்ப வந்தது 6 பேர். இன்னும் 6 பேர் வேணும்னா இன்னொரு 2,000 அடிக்கணும். இல்லாட்டி அந்த 60-ல 12 பேரைத் திரும்ப வர வைக்கணும், அதுக்கு அச்சுக்கூலி கிடையாது. ஓட்டை எந்தப் படியிலன்னு பாத்துட்டு அப்புறம் காசை இறக்குங்க. வந்துட்டு வாங்காமப் போறாங்கன்னா விலையையோ, சரக்கு கண்ணுல படுதான்னோ பாக்கணும். வாங்கிட்டு வரலைன்னா சரக்கையே பாக்கணும்.

தேவகோட்டை ஆச்சி: என் மளிகைக் கடையில திரும்ப வர்றவுக பாதிப்பேரு கடன் நோட்டுல இருக்கவுக. பாக்கி ஏறுனா அடுத்த தெரு வழியாப் போயிருவாக. அவுகளை எந்தப் படியில வைக்கிறது?

ஏஜென்சிக்காரர்: ஆச்சி, நல்ல கேள்வி. பாக்கியை அடைச்ச பிறகும் வந்தா நம்ம வாடிக்கைன்னு நான் எடுத்துக்குவேன். வேற கணக்கு வைக்கிறவங்களும் இருக்காங்க.

பலகாரக்கடை: பில் புக்ல இருந்த நம்பருக்குப் போன் போட்டுப் பாத்தேன். ரெண்டு பேர் தேன்குழல் மறுநாளே நமுத்துப் போச்சுன்னாங்க. ஒருத்தர் இன்னும் டப்பாவுல இருக்குன்னார். பாக்கிப் பேரு பூராம் சென்னைக்காரங்க, தீபாவளிக்கு வீட்டைத் திறக்க வந்தவங்க.

ஏஜென்சிக்காரர்: அப்ப சென்னைக்காரங்களைத் தனி நோட்டுல எழுதுங்க. அவங்களை மாசக் கணக்குல எதிர்பாத்தா ஓட்டை இருக்கதை விடப் பெருசாத் தெரியும். உள்ளூர்க்காரங்களை மட்டும் எண்ணுங்க. நமுத்ததுக்கு, நல்லா ஆற விட்டுக் கட்டுறீங்களா? சூட்டோட கட்டுனா கவருக்குள்ள ஆவி வேர்த்துரும். கவரும் கனமா இருக்கட்டும், வாயை ஒட்டிருங்க.

புதுவயல்காரன்: சென்னைக்காரங்களுக்குக் கூரியர்ல அனுப்பலாமே?

பலகாரக்கடை: சீப்புச்சீடை தாங்கும். மணகோலம் நொறுங்காமப் போகுமான்னு ஒரு டப்பா அனுப்பிப் பாத்துட்டுச் சொல்றேன்.