I-901 கட்டும்போது கார்டு ஃபெயில் ஆகிக்கொண்டே இருந்தது, உங்களுக்கும் நடந்ததா?

மதுரைப் பொண்ணு

அமெரிக்க மாணவர் விசாவுக்கான செவிஸ் கட்டணம், அதான் இந்த I-901, கட்டினவர்கள் சொல்லுங்கள், எனக்கு மட்டும்தான் இப்படியா? காலேஜிலிருந்து I-20 படிவம் வந்துவிட்டது, fmjfee.com-ல் எல்லாம் நிரப்பி 350 டாலருக்கு அப்பாவுடைய டெபிட் கார்டு நம்பரைப் போட்டேன். ஆப்பில் இன்டர்நேஷனல் ஆன் செய்து, லிமிட்டையும் 30 ஆயிரத்துக்கு ஏற்றியிருந்தோம், டாலர் 85 என்று பார்த்தால் 29,750 தானே. பட்டனை அழுத்தியதும் அப்பா போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஓடிபி இப்போ வரும், இப்போ வரும் என்று உட்கார்ந்திருக்கிறார், இங்கே ஸ்கிரீனில் டிக்லைன் என்று வந்தே விட்டது. அவர் நம்பவே இல்லை. "ஓடிபியே கேக்கல, அதுக்குள்ள எப்படிம்மா ஃபெயில் ஆகும்? மறுபடி போடு" என்றார். போட்டேன், அதேதான். அப்புறம் லிமிட்டை இன்னும் ஏற்றிப் போட்டால் பக்கம் சுற்றிக்கொண்டே இருந்து நின்றுவிட்டது, ஆனால் கிட்டத்தட்ட 31 ஆயிரம் போனதாக எஸ்எம்எஸ். ரசீது இல்லை. இன்டர்வியூ நெருங்கிவிட்டதால் டல்லாஸில் இருக்கும் பெரியப்பா பையன் அவர் கார்டில் கட்டிவிட்டார், ஒரு நிமிஷத்தில் முடிந்தது. ஆனால் அந்த ஓடிபி ஏன் வரவில்லை என்பது இன்னும் மண்டையைக் குடைகிறது.

ரகு78

சிக்னல் பிரச்சினையாக இருக்கும். ஓடிபி வராமல் இந்தியக் கார்டில் ஆன்லைனில் பணம் போகவே போகாது, அது ரிசர்வ் வங்கி விதி. என் மச்சினனுக்கும் இப்படித்தான், போனை ஏரோபிளேன் மோடில் போட்டு எடுத்ததும் சரியாகிவிட்டது. நான் சொல்வதைக் கேளுங்கள்: முதலில் பிரவுசர் கேஷை அழியுங்கள், வேறு பிரவுசரில் போடுங்கள், வைஃபையை விட்டு மொபைல் டேட்டாவுக்கு மாறுங்கள், அமெரிக்காவில் பகல் நேரமாகப் பார்த்துப் போடுங்கள், அப்போதுதான் அவர்கள் சர்வர் முழுசாக வேலை செய்யும். டெபிட் கார்டை நம்பவே கூடாது, கிரெடிட் கார்டு வாங்கிக்கொள்ளுங்கள். பிள்ளைகளை வெளிநாடு அனுப்பும் வீட்டில் ஒரு கிரெடிட் கார்டு கட்டாயம் இருக்க வேண்டும், இதை நான் பல வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

வேலூர் வாசி

எதற்கு இவ்வளவு சிரமம்? விசா கட்டணம் 185 டாலரை இங்கேயே ரூபாயில் நெஃப்ட்டில் கட்டலாமே. என் தங்கைக்கு அப்படித்தான் கட்டினோம், கார்டே தேவைப்படவில்லை.

மதுரைப் பொண்ணு

அது விசா விண்ணப்பக் கட்டணம் அண்ணா, அதையும் கட்டியாச்சு. நான் சொல்வது செவிஸ், அது தனி. அதை டாலரில்தான் கட்ட வேண்டும்.

பழைய கார்டு டெஸ்க்

ஒரு வங்கியின் கார்டு புகார்ப் பிரிவில் இருந்தவன், அதனால் சொல்கிறேன். ரகு சொன்னதில் பாதி சரி. ஓடிபி விதி உண்டுதான், ஆனால் அது இந்திய வியாபாரிகளுக்கு. வெளிநாட்டுத் தளம் கேட்டால் ஓடிபி வரும், கேட்காவிட்டால் நம்பரும் தேதியும் பின்னால் இருக்கும் மூன்று இலக்கமும் போதும், பணம் போய்விடும். அந்த விதிதான் நம்மைப் பழக்கிவிட்டது, அதனால் ஓடிபி வராவிட்டால் எதுவுமே நடக்கவில்லை என்று நினைக்கிறோம். உங்கள் அப்பா காத்திருந்த நேரத்தில், பணம் தரலாமா என்று தளம் அனுப்பிய கேள்வியை வங்கி பார்த்து, இல்லை என்று பதிலும் சொல்லி முடித்திருக்கும்.

ஏன் இல்லை என்றது? என் ஊகம் அந்த 30 ஆயிரம். 29,750-க்கு மேல், வெளிநாட்டுப் பணத்துக்கு வங்கி போடும் மார்க்கப் 3.5 சதவீதம் என்றால் 1,041 ரூபாய், அந்த 1,041-க்கு 18 சதவீத ஜிஎஸ்டி 187. மொத்தம் 30,978. பல வங்கிகள் இதையெல்லாம் சேர்த்துத்தான் லிமிட்டோடு ஒப்பிடும், கூகுள் காட்டும் விலையை வைத்து அல்ல. லிமிட்டை ஏற்றியதும் 31 ஆயிரம் போனதாக வந்ததே, கணக்கு பொருந்துகிறது.

இதைக் கண்டுபிடிக்க ஒரே வழி, டிக்லைன் ஆன நேரத்துக்கு வங்கியிலிருந்து ஏதாவது வந்ததா என்று பார்ப்பது. எஸ்எம்எஸ், ஆப் அறிவிப்பு, மெயில், எதுவானாலும். வந்திருந்தால் கேள்வி வங்கி வரை போயிருக்கிறது, காரணம் அவர்களிடம் இருக்கும். எங்கேயும் ஒன்றுமே இல்லையென்றால் பெரும்பாலும் வங்கிக்கு வந்தே இருக்காது, தளமோ நடுவில் இருக்கும் நெட்வொர்க்கோ நிறுத்தியிருக்கும். அப்போது கஸ்டமர் கேரில் "எங்க சைடுல எந்த ட்ரான்ஸாக்‌ஷனும் காட்டலைங்க" என்பார்கள். ஜனங்கள் அவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று திட்டுவார்கள், நானே நிறைய வாங்கியிருக்கிறேன். ஆனால் அதுதான் உருப்படியான தகவல், அந்த நிலையில் வங்கியோடு மல்லுக்கட்டிப் பயனில்லை, வேறு கார்டுதான்.

ஒன்று கேட்கிறேன்: பணம் போனதாக எஸ்எம்எஸ் வந்த பிறகு, டல்லாஸில் கட்டுவதற்கு முன், அதே தளத்தில் செவிஸ் நம்பர், பெயர், பிறந்த தேதி போட்டு ஸ்டேட்டஸ் பார்த்தீர்களா? பக்கம் உறைந்தாலும் பணம் சேர்ந்திருக்க வாய்ப்பு உண்டு.

தீவான்

எங்கட கதை வேற. 2022-ல யாழ்ப்பாணத்தில இருந்து லண்டன் படிப்பு விசாவுக்கு, ஹெல்த் சர்சார்ஜ் அப்ப வருஷத்துக்கு 470 பவுண்ட். டாலர் தட்டுப்பாடு, கார்டில வெளிநாட்டுக்காசு கட்டுறதை வங்கி மறிச்சு வச்சிருந்தது. லிமிட் ஏத்திப் பார், பிரவுசர் மாத்திப் பார் எண்டு ரகு அண்ணை சொல்லுற ஒண்டும் அங்க எடுபடாது, கார்டு பிழையில்ல, நாட்டிட்ட காசு இல்ல. டொரன்டோவில இருக்கிற மச்சான் ஃபோனில கார்டு நம்பரை நாலு நாலா வாசிக்கிறான், நான் டைப் பண்ணுறன், மூண்டாவது நாலில கரண்ட் போச்சு. ரவுட்டரும் போச்சு. அவன் அங்க "எழுதிட்டியா, எழுதிட்டியா" எண்டு கத்திக்கொண்டே இருக்கிறான். மெழுகுதிரி வெளிச்சத்தில மிச்ச நம்பரைக் கொப்பியில எழுதி, பிறகு கரண்ட் வந்துதான் கட்டினது. அந்தக் கொப்பிப் பக்கத்தைக் கிழிச்சு எரிக்கச் சொல்லி மச்சான் இண்டைக்கும் கேக்கிறான்.

ரகு78

நான் இந்தியக் கார்டைப் பற்றித்தான் சொன்னேன், இலங்கையை ஏன் இழுக்கிறீர்கள்? டெஸ்க்காரரே, 31 ஆயிரம் பற்றி ஒன்றும் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள். ஃபெயிலான பணத்தை வங்கி 5 நாளில் திருப்ப வேண்டும், தவறினால் நாளுக்கு 100 ரூபாய் அபராதம். 2019 ரிசர்வ் வங்கி சுற்றறிக்கை. உடனே கேளும்மா.

பழைய கார்டு டெஸ்க்

சுற்றறிக்கை உண்மை, ஆனால் அது உள்நாட்டுப் பரிவர்த்தனைக்கு. வெளிநாட்டுத் தளம் என்றால் அந்த 100 ரூபாய் கணக்கு செல்லாது. பிடித்து வைத்த பணத்தைத் தளம் வாங்கிக்கொள்ளாவிட்டால் தானாக விடுபடும், எத்தனை நாள் என்பது வங்கிக்கு வங்கி வேறுபடும். வாங்கிக்கொண்டுவிட்டது என்றால்தான் வங்கியில் டிஸ்ப்யூட் போட்டுப் பணத்தைத் திரும்பக் கேட்க வேண்டும்.

மதுரைப் பொண்ணு

அண்ணா, நீங்கள் சொன்னதும் அப்பாவுடைய மெயிலைத் திறந்தேன், அவர் அதைப் பார்ப்பதே இல்லை. முதல் டிக்லைனுக்கே வங்கியிலிருந்து மெயில் இருக்கிறது, லிமிட் தாண்டிவிட்டது என்று. ஸ்டேட்டஸையும் இப்போதுதான் பார்த்தேன், ஒரு ரசீதுதான் காட்டுகிறது, டல்லாஸ் அண்ணா கட்டிய தேதியோடு. ஆனால் பாஸ்புக்கில் 31 ஆயிரம் இன்னும் போனபடியேதான் இருக்கிறது. பிராஞ்சில் கேட்டால் "பெண்டிங்" என்கிறார்கள், கஸ்டமர் கேரில் "செட்டில் ஆயிடுச்சு" என்கிறார்கள். இதில் எதை நம்பி டிஸ்ப்யூட் போடுவது?

ரகு78

100 ரூபாயையும் சேர்த்துக் கேளும்மா, கேட்டால்தான் கிடைக்கும்.